எட்டாத இரும்பு

புவி மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் தனிமம் இரும்பு. அப்படியிருந்தும் பெரும்பாலான உயிர்களுக்கு அது கிடைப்பதற்கு அரிய சத்தாகவே இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு ஃபெரஸ் வடிவில் தாராளமாகக் கரைந்திருக்கும். ஆக்சிஜன் பட்டதும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் வடிவத்துக்கு மாறும். ஃபெரிக் இரும்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாக, அதாவது துருவாகப் படிந்துவிடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. உயிரின் தொடக்கக் காலத்தில் எங்கும் கரைந்து கிடந்த இரும்பு அதன்பின் மெல்ல மெல்லக் கல்லிலும் மண்ணிலும் உறைந்தது. அதற்குள் சுவாசம், டி.என்.ஏ. உருவாக்கம் போன்ற அடிப்படை வேலைகளுக்கான நொதிகள் இரும்பைச் சார்ந்தே அமைந்துவிட்டன. அந்த நொதிகள் மறையவில்லை, இரும்புதான் மறைந்தது.

எவ்வளவு மறைந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுநிலை அமிலத்தன்மையுள்ள நீரில் தனித்து மிதக்கும் ஃபெரிக் அயனியின் செறிவு, லிட்டருக்கு ஒரு மோலில் 10-இன் 18 அடுக்குக்கு ஒரு பங்கு. ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பெருக்கினால் லிட்டருக்குச் சுமார் ஆறு லட்சம் அயனிகள் வரும். ஈ.கோலை பாக்டீரியம் ஒன்றின் உடலில் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இரும்பு அணுக்கள் இருக்கும். ஒரு லிட்டர் நீரில் தனித்து மிதக்கும் இரும்பு மொத்தமும் சேர்ந்தால் ஒரே ஒரு பாக்டீரியத்துக்குப் போதும், சில வேளைகளில் அதற்கும் போதாது. அந்த பாக்டீரியமோ நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கக்கூடியது. ஒவ்வொரு பிளவுக்கும் அதே அளவு இரும்பு புதிதாக வேண்டும்.

மனித உடலுக்குள் நிலைமை இன்னும் கடுமை. வளர்ந்தவரின் உடலில் மூன்று முதல் நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினில் அடைபட்டிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைச் செல்களில் ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் கிடக்கிறது. செல்களுக்கு வெளியே, இரத்த நீரில் பயணிப்பது எப்போதும் ஏறக்குறைய மூன்று மில்லிகிராம் மட்டுமே. அதையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் பற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டு ஃபெரிக் அணுக்களை ஏந்தும். உடல்நலத்தோடு இருப்பவரிடம் இந்த இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மற்ற இடங்கள் வெறுமையாக இருப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. எங்கிருந்தாவது ஓர் இரும்பு அணு நழுவி விழுந்தால் உடனே பிடித்துக்கொள்ள ஆள் தயாராக நிற்கிறது. இதன் விளைவாக இரத்த நீரில் தனித்து மிதக்கும் ஃபெரிக் அயனியின் செறிவு, துரு படிந்த நீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு குறைவு. முந்தைய கணக்கையே போட்டால் ஒரு லிட்டருக்கு ஒரு முழு அயனிகூட வராது.

இரும்பை மறைத்து வைப்பதே ஒரு தற்காப்பு என்பது முட்டையிலிருந்து தெரியவந்தது. 1944-இல் ஆர்தர் ஷேட், லியோனா கரோலைன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு சீதபேதி பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்துவதைக் கண்டார்கள். வெள்ளைக்கருவில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று எண்ணுவதுதான் இயல்பு. அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தார்கள். வெள்ளைக்கரு எதையாவது கொடுப்பதற்குப் பதில் எதையாவது பிடுங்கிக்கொள்கிறதோ என்று பல தனிமங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பைச் சேர்த்தபோது மட்டும் பாக்டீரியா மறுபடி வளர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மனித இரத்த நீரிலும் இதே வேலையைச் செய்யும் புரதம் இருப்பதை அவர்களே காட்டினார்கள். அதுதான் பிற்பாடு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயர் பெற்றது. கண்ணீர், எச்சில், தாய்ப்பால் ஆகியவற்றில் இருக்கும் லாக்டோஃபெரின் அதன் நெருங்கிய உறவுப் புரதம். புண்பட்ட இடத்தில் அமிலத்தன்மை ஏறினாலும் பிடித்த இரும்பை லாக்டோஃபெரின் விடாது. இத்தகைய தற்காப்பைச் சத்து மறுக்கும் நோயெதிர்ப்பு என்று விளங்கிக்கொள்ளலாம். இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வழங்கச் செய்தவர் யூஜின் வைன்பர்க். 1970-களில் அவர் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்.

இரும்பு இப்படி எட்டாமல் இருந்தும் பாக்டீரியா உடலுக்குள் வளர்கிறது, நோய் தருகிறது. அதற்கு அது கையாளும் வழிகளில் முதன்மையானது சிடரோபோர். இரும்பை இறுகப் பற்றும் சிறிய மூலக்கூறு ஒன்றை பாக்டீரியம் தனக்குள் செய்து வெளியே விடுகிறது. அது சுற்றுப்புறத்தில் அலைந்து இரும்பைப் பிடித்ததும் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இப்படி ஐநூறுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இனங்காணப்பட்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் கூர்ந்து பார்த்தால் மற்றவற்றின் போக்கும் விளங்கிவிடும். அதற்கு ஏற்றது என்டரோபாக்டின். ஈ.கோலை, சால்மோனெல்லா, கிளெப்சியெல்லா முதலிய குடல்வாழ் பாக்டீரியா குடும்பத்தின் பொதுச் சொத்து அது. 1970-இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவும் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்தன.

என்டரோபாக்டினின் அமைப்பு எளிமையானது, அழகானது என்றும் சொல்லலாம். செரின் என்ற அமினோ அமிலம் மூன்று சேர்ந்து ஒரு வளையமாகியிருக்கும். ஒவ்வொரு செரினிலிருந்தும் ஒரு கேட்டகால் கிளை நீண்டிருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். ஃபெரிக் அயனியைச் சுற்றிப் பிணைப்புக்கு ஆறு இடங்கள் உண்டு. மூன்று கிளைகளும் உள்நோக்கி மடங்கினால் அந்த ஆறு இடங்களிலும் ஆறு ஆக்சிஜன்கள் பொருந்தி உட்கார்ந்துவிடும். அந்த வளையம் கிளைகளை முன்கூட்டியே சரியான கோணத்தில் நிறுத்தி வைத்திருப்பதால் பிடி இன்னும் இறுகுகிறது. இந்தப் பிணைப்பின் நிலைப்பு எண் 1-க்குப் பின் 49 சுழியங்கள் கொண்டது. இயற்கையில் அளக்கப்பட்ட ஃபெரிக் பிணைப்புகளில் மிக வலுவானவற்றில் இது ஒன்று.

அந்த எண் மலைக்க வைத்தாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டகால் கிளைகள் தம் புரோட்டான்களை முழுதாக இழந்த நிலைக்கு அது பொருந்தும். இரத்தத்தின் அமிலத்தன்மையில் புரோட்டான்களும் அதே ஆக்சிஜன்களுக்குப் போட்டியிடுகின்றன. அதையும் கணக்கில் சேர்த்தால் டிரான்ஸ்ஃபெரினைவிட என்டரோபாக்டினின் கை ஏறக்குறைய 12 அடுக்குகள் ஓங்கியிருக்கிறது. அதாவது ஒரு லட்சம் கோடி மடங்கு. காகிதக் கணக்கில் இதுவே போதும், ஆனால் நடைமுறையில் டிரான்ஸ்ஃபெரினிலிருந்து இரும்பு சிடரோபோருக்கு மாற நேரம் பிடிக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் இரும்பைத் தன் ஒவ்வொரு மடலின் பிளவுக்குள்ளும் மூடி வைத்திருப்பதால் வலுவான கைகூட உள்ளே நுழையக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தொற்றின் முதல் சில மணி நேரத்தில் இந்தத் தாமதம் உடலுக்குச் சாதகம்.

இரும்பைப் பற்றிய என்டரோபாக்டின் ஈ.கோலையின் வெளிச்சவ்வை அடைகிறது. சாதாரணச் சத்துகள் நுழையும் நுண்துளைகள் அதற்குப் போதாது. அதன் உருவம் அந்தத் துளைகளைவிடப் பெரிது. ஆகவே அதற்கென்றே ஃபெப்ஏ என்ற வாயில் புரதம் இருக்கிறது. 22 இழைகள் சுற்றி அமைந்த பீப்பாய் வடிவம், நடுவே ஓர் அடைப்பு. சிடரோபோர் வந்து உட்கார்ந்ததும் அந்த அடைப்பு நகர வேண்டும். அதை நகர்த்த ஆற்றல் வேண்டும், வெளிச்சவ்வில் ஆற்றலுக்கு வழியில்லை. உட்சவ்வின் இருபுறமும் புரோட்டான்களின் செறிவு வேறுபடுவதால் கிடைக்கும் விசையை டான்பி என்ற நீண்ட புரதம் இரு சவ்வுகளுக்கும் இடையே கடத்திக்கொண்டுவந்து வாயிலைத் திறக்கிறது. உட்சவ்வைக் கடக்க ஏ.டி.பி. செலவாகிறது. ஓர் இரும்பு அணுவுக்காக பாக்டீரியம் இரண்டு இடங்களில் ஆற்றலைக் கொடுக்கிறது.

உள்ளே வந்த பிறகுதான் இந்த வடிவமைப்பின் விலை தெரிகிறது. இரும்பை விடுவிக்கப் பொதுவான வழி அதை ஃபெரஸாக ஒடுக்குவது. ஃபெரஸ் இரும்பை சிடரோபோர்கள் தளர்வாகவே பற்றும் என்பதால் அது கழன்று விழும். பூஞ்சைகளும் பல பாக்டீரியாவும் இப்படித்தான் செய்கின்றன, வெறுமையான சிடரோபோரைத் திரும்பவும் வெளியே அனுப்புகின்றன. என்டரோபாக்டினின் பிடியோ செல்லுக்குள் இருக்கும் எந்த ஒடுக்கியாலும் தளர்த்த முடியாத அளவுக்கு இறுகியது. அதனால் ஃபெஸ் என்ற நொதி செரின் வளையத்தையே வெட்டிவிடுகிறது. துண்டானதும் பிடி தளர்ந்து இரும்பு கிடைக்கிறது. மூலக்கூறு பாழாகிறது. ஓர் இரும்பு அணுவைக் கொண்டுவர ஒரு முழு என்டரோபாக்டினைப் பலிகொடுக்கும் இந்த ஊதாரித்தனம், இரும்பு இல்லாத வேளையில் அதற்கு பாக்டீரியம் எவ்வளவு விலை தரத் தயாராக இருக்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல்.

எப்போதும் இப்படிச் செலவழிக்க முடியாது. இரும்பு மிகுந்தாலும் ஆபத்து: ஃபெரஸ் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் பிறக்கும். அதனால் ஃபர் என்ற புரதம் காவல் காக்கிறது. செல்லுக்குள் ஃபெரஸ் போதுமான அளவு இருந்தால் அது ஃபரோடு ஒட்டும். ஒட்டிய ஃபர், சிடரோபோர் செய்யும் மரபணுக்களின் முகப்பில் அமர்ந்து அவற்றை அணைத்துவிடும். இரும்பு குறைந்தால் ஃபர் விலகும், மரபணுக்கள் விழிக்கும். நோய்க்கிருமிகளுக்கு இது இன்னொரு வகையிலும் பயன்படுகிறது. சுற்றிலும் இரும்பு அற்றுப்போனால் அது விலங்கு உடலுக்குள் வந்து சேர்ந்ததற்கான அடையாளம். டிஃப்தீரியா பாக்டீரியா தன் நஞ்சைச் செய்வதுகூட இரும்பு குறைந்த வேளையில்தான். அங்கே ஃபருக்கு ஒப்பான வேறொரு புரதம் அந்த வேலையைச் செய்கிறது.

உடல் சும்மா இருப்பதில்லை. கிருமி வந்த இடத்துக்கு விரைந்து வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும், குடல், நுரையீரல் ஆகியவற்றின் உள்தோல் செல்களும் லிப்போகாலின்-2 என்ற சிறு புரதத்தைக் கொட்டுகின்றன. பல ஆண்டுகளாக அது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. 2002-இல் அதைப் படிகமாக்கிப் பார்த்தபோது அதன் குழிக்குள் சிவந்த நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. புரதத்தைத் தயாரிக்கப் பயன்பட்ட ஈ.கோலையிடமிருந்து வந்த, இரும்பு ஏந்திய என்டரோபாக்டின் அது. லிப்போகாலினின் வேலை பாக்டீரியத்தைத் தொடுவதல்ல, இரும்போடு திரும்பிச் செல்லும் சிடரோபோரை வழியிலேயே பிடித்து வைப்பது. 2004-இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கி ஈ.கோலை செலுத்தினார்கள். சாதாரண எலிகள் தாங்கிக்கொண்ட அளவைச் செலுத்தியபோதே இந்த எலிகளின் உடலில் பாக்டீரியா பெருகியது, பல எலிகள் இறந்தன.

சால்மோனெல்லா இதற்கும் மாற்று வைத்திருந்தது. என்டரோபாக்டினின் கேட்டகால் கிளைகளில் குளுக்கோஸை ஒட்டிவிட்டால் சால்மோசெலின் கிடைக்கிறது. இரும்பைப் பற்றும் ஆக்சிஜன்கள் அப்படியே இருக்கும், ஆனால் உருவம் பருத்துவிடும். லிப்போகாலினின் குழி வளைந்து கொடுக்காதது, அதனால் பருத்த உருவம் அதற்குள் நுழையாது. இன்னொரு வழி ஏரோபாக்டினைப் போல வேறு வேதியமைப்பு கொண்ட சிடரோபோரையே வைத்துக்கொள்வது. மருத்துவமனைகளில் தொல்லை தரும் கிளெப்சியெல்லாவில் சாதாரண வகை பெரும்பாலும் என்டரோபாக்டினோடு நிற்கும். உடல்நலம் நன்றாக இருந்தவர்களுக்கே கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும் கொடிய வகையில் சால்மோசெலினும் ஏரோபாக்டினும் கூடுதலாக இருக்கும். ஆய்வகத்தில் ஏரோபாக்டின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வகையை இனங்காணும் அடையாளங்களில் ஒன்று.

இதுவரை சொன்னது மூலக்கூறுகளுக்கு இடையே நடப்பது. முழு உடலும் சேர்ந்து இரும்பைக் குறைப்பது வேறு கதை. அங்கேதான், இரும்பு குறைந்தால் தொற்று ஏன் தாமதமாகிறது என்பது தெளிவாகிறது. இரத்த நீரில் மூன்று மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது என்றாலும் ஒரு நாளில் அதன் வழியாக 20 முதல் 25 மில்லிகிராம் ஓடுகிறது. வயதான சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி, அவற்றின் இரும்பைப் பிரித்து இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதை எலும்பு மஜ்ஜை எடுத்துப் புது சிவப்பணு செய்கிறது. உணவிலிருந்து சேருவது நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. சிறிய தொட்டியில் பெரிய குழாயிலிருந்து நீர் கொட்டி அதே வேகத்தில் வடிவதைப் போன்ற ஏற்பாடு இது. தொட்டியை வற்றச் செய்ய வடிகாலில் கைவைக்க வேண்டாம், வரும் குழாயை மூடினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் வற்றிவிடும்.

மேக்ரோஃபேஜிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வழி ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். குடல் செல்லிலிருந்தும் அதன் வழியாகவே வெளியேறும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற, வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோன் ஃபெரோபோர்ட்டினில் ஒட்டி அதைச் செல்லுக்குள் இழுத்துச் சிதையச் செய்கிறது. தொற்று ஏற்பட்டதும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சித் தூது கல்லீரலை எட்டுகிறது, ஹெப்சிடின் ஏறுகிறது. தன்னார்வலர்களின் உடலில் இன்டர்லூகின்-6-ஐச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இரண்டு மணி நேரத்திலேயே ஹெப்சிடின் பல மடங்கு உயர்ந்தது, இரத்த நீரின் இரும்பு இறங்கியது. உடலிலிருந்து ஒரு மில்லிகிராம்கூட வெளியே போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த இரும்பு மேக்ரோஃபேஜுக்குள் நிறுத்தி வைக்கப்பட்டது, அவ்வளவே.

காய்ச்சலும் இதோடு கைகோக்கிறது. வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் சால்மோனெல்லா சிடரோபோர் செய்வதைக் குறைத்துவிடுகிறது என்று 1972-இல் ஜான் கரிபால்டி காட்டினார். 1979-இல் குளூகரும் ரோதன்பர்க்கும் முயல்களுக்கு நோய் தரும் பாஸ்டுரெல்லா பாக்டீரியாவை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு இன்னும் துலக்கமானது. வெப்பம் மட்டும் அந்த பாக்டீரியாவை அதிகம் பாதிக்கவில்லை, இரும்புக் குறைவும் தனியே பாதிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது வளர்ச்சி தடைப்பட்டது.

இரும்புக் குறைவு பாக்டீரியாவைக் கொல்வதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இரும்பு கிடைக்காத பாக்டீரியம் பிளப்பதை நிறுத்திக் காத்திருக்கும், அல்லது மெதுவாகப் பிளக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும் ஒரு செல் ஐந்து மணி நேரத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பிளந்தால் அதே ஐந்து மணி நேரத்தில் 32 தான். இந்த இடைவெளியில் நியூட்ரோஃபில்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கொல்வது அவற்றின் வேலை, அதற்கு நேரம் வாங்கித் தருவது இரும்பு மறுப்பின் வேலை.

இந்த நேரம் கிடைக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிளேக் பாக்டீரியாவின் வரலாற்றில் ஒரு துல்லியமான சான்று இருக்கிறது. எர்சினியா பெஸ்டிஸ் என்ற இந்தக் கிருமியின் சிடரோபோர் யெர்சினியாபாக்டின். அது என்டரோபாக்டினைப் போன்றதல்ல, லிப்போகாலின்-2 அதைப் பிடிப்பதில்லை. பிளேக் பாக்டீரியாவை ஹீமின் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் காலனிகள் கருமையாக இருக்கும். அவ்வப்போது வெள்ளைக் காலனிகளும் தோன்றும். அந்த வெள்ளை வகையைத் தோலுக்கடியில் செலுத்தினால் எலிகள் இறப்பதில்லை. 1956-இல் பிரிட்டனில் ஜாக்சனும் பரோஸும் அந்த எலிகளுக்குக் கூடவே இரும்பும் ஊசி மூலம் கொடுத்தார்கள். எலிகள் இறந்தன. பலவீனமாக்கப்பட்ட கிருமிக்கு அதன் வலுவை இரும்பு திருப்பிக் கொடுத்தது.

அப்போது நிறத்துக்கும் கொடுமைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகவே தோன்றியது. பல பத்தாண்டுகள் கழித்து மரபணுக்களைப் படித்தபோதுதான் விளக்கம் கிடைத்தது. வெள்ளை வகை தன் குரோமோசோமிலிருந்து ஒரு லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீண்ட ஒரு துண்டை முழுதாக இழந்திருந்தது. அந்தத் துண்டில் நிறத்துக்கான மரபணுக்கள் ஒரு பக்கம், யெர்சினியாபாக்டினுக்கான மரபணுக்கள் மறுபக்கம். நிற மரபணுக்கள் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் பயன்படுபவை, பாலூட்டியின் உடலில் கொடுமைக்குக் காரணம் சிடரோபோர். இரண்டும் ஒரே துண்டில் அருகருகே இருந்ததால் ஒன்று மற்றொன்றின் அடையாளமாகிவிட்டது. மடகாஸ்கரில் உருவாகி அங்கும் சோவியத் நாட்டிலும் ஏராளமானோருக்குப் போடப்பட்ட உயிருள்ள பிளேக் தடுப்பூசியும் இந்தத் துண்டை இழந்த வகைதான்.

2009 செப்டம்பரில் ஷிகாகோவில் 60 வயது ஆய்வாளர் ஒருவர் காய்ச்சல், உடல்வலி, இருமலோடு மருத்துவரைப் பார்க்கப் போனார். மூன்று நாள் கழித்து ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு ஏறக்குறைய அரை நாளுக்குள் இறந்தார். இரத்தத்தில் வளர்ந்தது அவர் ஆய்வகத்தில் கையாண்டுவந்த, சிடரோபோர் துண்டை இழந்த பிளேக் வகை. ஆபத்தில்லாதது என்று கருதப்பட்டு, கடுமையான பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு பெற்றிருந்த வகை அது. எவ்வழியில் உடலுக்குள் போனது என்பதை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனையில் அவருக்கு ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை இரும்பு மிகைநோய் இருந்தது தெரிந்தது. அது உயிரோடு இருந்தபோது கண்டறியப்படவில்லை. அவருக்கு நீரிழிவும் இருந்தது.

ஹீமோகுரோமட்டோசிஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் போதிய ஹெப்சிடினைச் சுரப்பதில்லை. குடல் தேவைக்கு மேல் இரும்பை உள்ளே விடுகிறது. டிரான்ஸ்ஃபெரினின் வெற்று இடங்கள் வருடக்கணக்கில் மெல்ல நிரம்பி, ஒரு கட்டத்தில் பிடிக்க ஆளில்லாத இரும்பு சிட்ரேட் போன்ற தளர்வான துணைகளோடு இரத்தத்தில் மிதக்கத் தொடங்குகிறது. அதை எடுக்க யெர்சினியாபாக்டின் தேவையில்லை, சாதாரண வழிகளே போதும். 1956-இல் எலிக்கு ஊசியால் செய்ததை இங்கே ஒரு மனிதரின் மரபணு செய்துவிட்டது. 2012-இல் இதே மரபணுக் குறையுள்ள எலிகளில் சோதித்தபோதும் பலவீன வகை கொடிய வகையாக நடந்துகொண்டது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியமும் இதே நோயாளிகளைத்தான் தேடிப் பிடிக்கிறது. பச்சைச் சிப்பி சாப்பிட வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

இரும்பு மிகுந்தவருக்கு இரும்பை அகற்றும் மருந்து கொடுத்தால் பாக்டீரியா பட்டினி கிடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். டெஸ்ஃபெரியாக்சமின் அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது. தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றப்படுவோரின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற 1960-களிலிருந்து இது பயன்படுகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியத்தின் சிடரோபோரே இந்த மருந்து. மருந்தாக ஏற்றப்பட்டாலும் சிடரோபோர் சிடரோபோர்தான். குடல் எர்சினியாவின் பொதுவான வகைகளுக்கு யெர்சினியாபாக்டின் கிடையாது, ஆனால் அடுத்தவர் செய்த இந்த சிடரோபோரை உள்ளே இழுக்கும் வாயில் உண்டு. வழக்கமாக வயிற்றுப்போக்கோடு முடியும் அந்தத் தொற்று இவர்களிடம் இரத்தத்தில் பரவியது. ரைசோபஸ் பூஞ்சையும் இந்த மருந்து ஏந்திய இரும்பைப் பறிக்கும் என்பதால் இவர்களிடம் மியூகார்மைகோசிஸ் அபாயமும் காணப்பட்டது. இந்த மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் முதலில் மருந்தை நிறுத்தும் வழக்கம் இதிலிருந்து வந்தது. பின்னர் வந்த செயற்கை மருந்துகளான டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் ஆகியவற்றின் இரும்பை இந்தக் கிருமிகள் இப்படி எடுத்துக்கொள்வதில்லை.

இரும்பு மறுப்புக்கு எல்லை உண்டு. அது செல்களுக்கு வெளியே வளரும் பாக்டீரியாவை நோக்கிய ஏற்பாடு. ஹெப்சிடின் இரும்பை மேக்ரோஃபேஜுக்குள் நிறுத்தி வைக்கிறது. டைஃபாய்டு தரும் சால்மோனெல்லாவும் காசநோய்க் கிருமியும் குடியிருப்பது அதே மேக்ரோஃபேஜில். அங்கே உடல் வேறு உத்திகளைக் கையாள்கிறது, கிருமியை அடைத்து வைத்திருக்கும் குமிழிலிருந்து உலோகங்களை வெளியே இறைப்பது அவற்றில் ஒன்று. நைசீரியா இனங்கள் சிடரோபோரே செய்யாமல் டிரான்ஸ்ஃபெரினை நேரடியாகப் பிடித்து இரும்பைக் கறக்கின்றன. லைம் நோய் தரும் பொரேலியா இன்னும் ஒரு படி மேலே போய் இரும்புத் தேவையையே ஏறக்குறைய விட்டுவிட்டு மாங்கனீசை வைத்துக் காலம் தள்ளுகிறது. இரும்பை எவ்வளவு மறைத்தாலும் அதற்கு நட்டமில்லை.

உடலுக்கும் இதில் செலவு இருக்கிறது. தொற்று வாரக்கணக்கில் நீடித்தால் எலும்பு மஜ்ஜைக்கும் இரும்பு போய்ச் சேராது, இரத்தசோகை வரும். இரத்தத்தில் இரும்பின் அளவை மட்டும் பார்த்தால் இது சத்துக்குறைவு இரத்தசோகையிலிருந்து வேறுபடாது. ஃபெரிட்டினைப் பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும். உண்மையான குறைபாட்டில் அது தரைமட்டத்துக்கு இறங்கும், அழற்சியில் ஏறும். டிரான்ஸ்ஃபெரினின் அளவு குறைபாட்டில் கூடும், அழற்சியில் குறையும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் இந்த எண்கள் குழம்பும், ஃபெரிட்டின் இயல்பான அளவில் இருப்பதே ஏமாற்றாகலாம். அழற்சியின்போது இரும்பு மாத்திரை கொடுத்தால் ஹெப்சிடின் குடல் வாசலை மூடி வைத்திருப்பதால் அதில் பெரும்பகுதி உள்ளே போகாது, குடல் பாக்டீரியாவுக்குத்தான் போய்ச் சேரும். இரத்தத்தில் கிருமி பரவியிருக்கும் வேளையில் இரும்பை நரம்பு வழியே ஏற்றுவதை மருத்துவர்கள் தள்ளிப்போடுவதும் இந்தக் கணக்கின்படிதான். மறுபக்கம், நெடுநாள் இரும்புச் சத்தின்றி இருப்பவருக்குக் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களே தளர்ந்துவிடுகின்றன, அவற்றின் பெருக்கத்துக்கும் இரும்பு வேண்டும். தொற்றின்போது சில நாள்கள் இரும்பு இரத்தத்திலிருந்து ஒதுங்கி நிற்பதும், உடலின் கையிருப்பே காலியாகிப் போவதும் இரண்டு வேறு நிலைகள். முன்னதில் காத்திருக்கலாம், பின்னதற்கு இரும்பு கொடுத்துத்தான் தீர வேண்டும்.